தீ இன்னும் அணையவில்லை, காரணம் எப்படித் தெரிந்தது?

வணக்கம் நேயர்களே. 2017 மே 31 அதிகாலை சென்னை தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கடை ஒன்று தீப்பிடித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தீ அன்று முழுவதும் அடங்கவில்லை. மறுநாள் அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

இப்படித் தீ எரிந்துகொண்டிருக்கும்போதே 'மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று கூறப்படுகிறது' என்ற வரி செய்தியில் ஏறிவிடும். கூறியது யார்? பெரும்பாலும் பெயரே இருக்காது. புகையால் தீயணைப்பு வீரர்களே உள்ளே போகத் திணறும் நேரத்தில், தீ மூண்ட இடத்தை யாரும் பார்த்திருக்க முடியாது.

பார்த்த பிறகும் சட்டென்று சொல்லிவிட முடியாது. உருகி உருண்ட செம்புக் கம்பி கிடைத்தால் மின்சாரம்தான் காரணம் என்று தோன்றும். ஆனால் வேறு எதனாலோ மூண்ட தீ, மின்சாரம் ஓடும் கம்பியின் உறையை எரித்தாலும் அங்கே பொறி பறந்து அதே உருண்டை உண்டாகும். அது காரணமா, விளைவா என்று பிரித்தறிய, தீ முதலில் எங்கே மூண்டது, எப்படிப் பரவியது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில சமயம் கடைசி வரை முடிவு தெரியாமலே போகும்.

அக்கம்பக்கத்தார் சொல்வதிலும் இதே கவனம் வேண்டும். 'டமார் என்று சத்தம் கேட்டது' என்றால் அதை அப்படியே எழுதலாம். 'சிலிண்டர் வெடித்தது' என்று நாமாக மாற்றக் கூடாது. வெப்பத்தில் கண்ணாடி உடைந்தாலும், ஏசி கம்ப்ரஸர் வெடித்தாலும் சத்தம் வரும். அந்த ஒரு சொல்லால், விசாரணை தொடங்கும் முன்பே சமையல்காரர் ஒருவர் குற்றவாளியாகிவிடுவார்.

சரி, அப்படியானால் என்ன எழுதுவது? 'தீ மூண்ட காரணத்தைத் தீயணைப்புத் துறையும் காவல்துறையும் விசாரித்து வருகின்றன' என்ற ஒரே வரி போதும். மிச்ச இடம் அந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு உரியது. எந்தச் சாலை மூடப்பட்டிருக்கிறது, மாற்றுவழி எது, எந்தத் தெருக்காரர்களை வெளியேறச் சொல்லியிருக்கிறார்கள், புகை எந்தப் பக்கம் போகிறது என்பதை அதிகாரி பெயரோடும் நேரத்தோடும் சொல்ல வேண்டும். நேரம் முக்கியம், ஏனென்றால் காலையில் சரியாக இருந்த தகவல் மதியம் ஆபத்தாகலாம். வெகுநேரம் வெந்த கான்கிரீட் தீ அடங்கிய பிறகும் சரியலாம். அதனால் 'தீ கட்டுக்குள் வந்தது' என்று எழுதும்போதே, தடுப்பைத் தாண்டிப் போக வேண்டாம் என்பதையும் சேர்க்க வேண்டும்.

உள்ளே சிக்கியவர்களின் உறவினரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். லிஃப்டில் ஏறாதீர்கள், புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து படிக்கட்டுக்குப் போங்கள், வழி அடைபட்டிருந்தால் கதவை மூடி இடுக்கில் ஈரத்துணி வையுங்கள், 101 அல்லது 112-ஐ அழைத்து எந்த மாடியில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். இதை ஒவ்வொரு செய்தி அறிக்கையிலும் திரும்பச் சொல்லலாம், தப்பில்லை.

அப்புறம், விசாரணை முடிவு வரும் நாளில் பல செய்தி அறைகள் அந்தத் தீயையே மறந்துவிடுகின்றன. முதல் நாள் செய்தியைத் தயாரித்தவரே நாட்குறிப்பில் அதைக் குறித்து வைத்து, தீயணைப்பு அலுவலகத்தை மாதம் ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.