இருப்பு 53, ஆனால் கொடுக்க முடிந்தது 35: சி.பி.ஐ.எம். தேர்வில் பலரும் சறுக்கும் கணக்கும் 14 வாரப் படிப்புத் திட்டமும்

வணக்கம். ஓர் ஆலையின் திட்ட அட்டவணையில் மூன்றாம் வார இறுதியில் 53 மோட்டார்கள் இருப்பில் இருக்கும் என்று தெரிகிறது. வாடிக்கையாளர் அந்த வாரத்தில் 40 மோட்டார்கள் கேட்கிறார். முடியாது என்பதே சரியான விடை. அதே அட்டவணையில் நான்காம் வார இறுதி இருப்பு 23 தான். இன்னொருவர் அந்த வாரத்தில் 30 கேட்டால், முடியும் என்பதே சரியான விடை. இந்த இரண்டு விடைகளுக்கும் காரணம் சொல்லத் தெரிந்தால், உற்பத்தித் திட்டமிடலுக்கும் சரக்கிருப்பு மேலாண்மைக்குமான சான்றிதழ்த் தேர்வாகிய சி.பி.ஐ.எம்.-இன் மிகக் கடினமான பகுதி ஒன்று உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இதை நடத்தும் ஏ.எஸ்.சி.எம். அமைப்பைப் பழைய பெயரான ஏபிக்ஸ் என்று சொன்னால்தான் தொழிற்சாலைகளில் பலருக்கும் விளங்கும். முன்பு இரண்டு தாள்களாக இருந்த சி.பி.ஐ.எம்., இப்போது 8.0 பதிப்பில் ஒரே தேர்வாகிவிட்டது. மூன்றரை மணி நேரத்தில் 150 கொள்குறி வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அவற்றில் 20 வினாக்கள் சோதனைக்காகச் சேர்க்கப்பட்டவை. அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் அவை எவை என்பது நமக்குத் தெரியாது. மதிப்பெண் அளவுகோல் 200 முதல் 350 வரை. 300 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை.

இனி அந்த அட்டவணைக்கு வருவோம். இந்தக் காணொளியின் பெரும்பகுதியை நான் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஏனெனில் முன்கணிப்பு, ஆர்டர், உற்பத்தித் திட்டம், இருப்பு ஆகிய நான்கும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இதுதான். இங்கே தெளிவு இல்லாமல் அடுத்த பாடங்களுக்குப் போனால், மூலப்பொருளும் உதிரிபாகமும் எத்தனை, எப்போது தேவை என்று திட்டமிடும் எம்.ஆர்.பி. கணக்கும் சேர்ந்து குழம்பும்.

[திரையில்: தொடக்க இருப்பு 40. ஒரு முறை உற்பத்தி செய்தால் 100. டிமாண்ட் டைம் ஃபென்ஸ் இரண்டாம் வார இறுதி.]

| வாரம் | 1 | 2 | 3 | 4 | 5 | 6 |
|---|---|---|---|---|---|---|
| முன்கணிப்பு | 30 | 30 | 30 | 30 | 30 | 30 |
| வந்த ஆர்டர் | 32 | 25 | 20 | 28 | 15 | 5 |
| மாஸ்டர் ஷெட்யூல் | – | 100 | – | – | 100 | – |
| எதிர்நோக்கும் இருப்பு | 8 | 83 | 53 | 23 | 93 | 63 |
| ஏ.டி.பி. | 8 | 27 | – | – | 80 | – |

முதலில் எதிர்நோக்கும் இருப்பு எப்படி வந்தது என்று பாருங்கள். டைம் ஃபென்ஸ் என்பது அட்டவணையை எளிதில் மாற்றக்கூடாத காலவரம்பு. அதற்கு உட்பட்ட முதல் இரண்டு வாரங்களில் முன்கணிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கையில் உள்ள ஆர்டரை மட்டுமே கழிக்கிறோம். ஆகவே முதல் வாரம் 40-இலிருந்து 32 போக 8. இரண்டாம் வாரத்தில் 8 போதாது என்பதால், எந்த வாரம் எத்தனை உற்பத்தி என்று காட்டும் மாஸ்டர் ஷெட்யூலில் 100 வருகிறது. 108-இலிருந்து 25 போக 83. மூன்றாம் வாரத்திலிருந்து விதி மாறுகிறது: முன்கணிப்பு, ஆர்டர் ஆகிய இரண்டில் எது பெரியதோ அதைக் கழிக்க வேண்டும். எனவே 30 கழிந்து 53, மறுபடியும் 30 கழிந்து 23. ஐந்தாம் வாரத்தில் 23 போதாது, அதனால் அடுத்த 100 வருகிறது.

அடுத்தது ஏ.டி.பி., அதாவது அவெய்லபிள் டு பிராமிஸ். புதிதாகக் கேட்பவருக்கு இன்னும் எத்தனை வாக்களிக்கலாம் என்பதை அது சொல்கிறது. இந்தக் கணக்கில் முன்கணிப்புக்கு எந்த வாரத்திலும் இடமில்லை. முதல் வாரத்தில் தொடக்க இருப்பான 40-இலிருந்து, அடுத்த உற்பத்தி வரும் வரை உள்ள ஆர்டர்களைக் கழித்தால் 8. இரண்டாம் வாரத்து 100, ஐந்தாம் வாரத்து உற்பத்தி வரும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். ஆகவே 25, 20, 28 ஆகிய மூன்று வாரத்து ஆர்டர்களையும் கழித்தால் 27. ஐந்தாம் வாரத்து 100-இலிருந்து 15, 5 போக 80.

இப்போது மூன்றாம் வாரத்தில் 40 கேட்டவருக்கு வாருங்கள். இருப்பு 53 என்பதால் பலர் உடனே சம்மதிப்பார்கள். ஆனால் அந்த 53-க்குள், நான்காம் வாரத்துக்காக ஏற்கெனவே வாக்களித்துவிட்ட 28 மோட்டார்களும் இருக்கின்றன. முதல் வாரத்து 8, இரண்டாம் வாரத்து 27 இரண்டையும் கூட்டினால் 35 தான் கொடுக்க முடியும். மீதி 5 ஐந்தாம் வாரத்தில்தான் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் நேரடியாகக் கூட்டிப் பாருங்கள்: நான்காம் வாரம் வரை கைக்கு வருவது 40 கூட்டல் 100, மொத்தம் 140. ஏற்கெனவே உள்ள ஆர்டர்கள் 105. புதிய 40-ஐயும் ஏற்றால் 145 ஆகிறது. சரியாக 5 குறைகிறது.

நான்காம் வாரத்தில் 30 கேட்டவருக்கு ஏன் முடியும்? அங்கே இருப்பு 23 ஆகக் குறைந்ததற்குக் காரணம், வரக்கூடும் என்று எண்ணிய முன்கணிப்பையும் நாம் கழித்திருந்ததுதான். கல்யாணப் பந்தியில் வரக்கூடும் என்று எண்ணியவருக்காக இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, நேரில் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்ப மாட்டோம் அல்லவா? வந்து நிற்பவரே நாம் எதிர்பார்த்திருந்த அந்த விருந்தினர். அதுபோல, புதிய ஆர்டர் வரும்போது அது முன்கணிப்பை உட்கொள்கிறது. ஆகவே 35-க்குள் அடங்கும் இந்த 30-ஐத் தாராளமாக ஏற்கலாம். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்: ஒரே அட்டவணையில் இருப்பு வரிசை ஒரு வாரம் கூடுதல் நம்பிக்கை தருகிறது, அடுத்த வாரமே வீண் அச்சம் தருகிறது, ஏ.டி.பி. இரண்டு வாரமும் 35 என்றே சொல்கிறது.

இதில் நேரும் தவறுகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, பழக்கதோஷத்தால் ஏ.டி.பி.யிலும் முன்கணிப்பைக் கழிப்பது. மற்றொன்று, தொடக்க இருப்பை ஒவ்வொரு உற்பத்தி வாரத்திலும் மீண்டும் சேர்ப்பது. தொடக்க இருப்பு முதல் வாரத்துக்கு மட்டுமே உரியது. எம்.ஆர்.பி. கணக்குகளில் முந்தைய வார இருப்பைச் சுமந்துகொண்டே போய்ப் பழகியவர்கள் இந்த இரண்டாவது தவறில் எளிதாக விழுகிறார்கள்.

அடுத்த பலவீனமான இடம் கொள்திறன் கணக்கு. சூத்திரம் எளிது: இருக்கும் நேரத்தைப் பயன்பாட்டு விகிதத்தாலும் செயல்திறனாலும் பெருக்கினால் ரேட்டட் கபாசிட்டி கிடைக்கும். இரண்டு இயந்திரங்கள், நாளுக்கு 8 மணி, வாரத்தில் 5 நாள் என்றால் இருக்கும் நேரம் 80 மணி. அதில் இயந்திரங்கள் உண்மையில் ஓடியது 68 மணி என்றால் பயன்பாடு 85 விழுக்காடு. அந்த 68 மணியில் 74.8 நியம மணிக்குரிய வேலை முடிந்திருந்தால் செயல்திறன் 110 விழுக்காடு. மூன்றையும் பெருக்கினால் வாரத்துக்கு 74.8 நியம மணி.

செயல்திறன் 100-ஐத் தாண்டலாமா என்று தயங்கி அதை 100 ஆகக் குறைத்துக்கொள்பவருக்கு விடை 68 என்று வரும். நியம நேரம் என்பது ஓர் எதிர்பார்ப்பு மட்டுமே. தேர்ந்த தொழிலாளி அதைவிட விரைவாக முடிக்கலாம். இதைவிட மறைவான தவறு, 74.8-ஐ ஓடிய 68 மணியால் வகுக்காமல் இருக்கும் 80 மணியால் வகுப்பது. அப்போது செயல்திறன் 93.5 என்று வரும். அதை மறுபடியும் 85 விழுக்காட்டால் பெருக்கினால் சுமார் 63.6 கிடைக்கும். ஓடாத 12 மணியை அங்கே இரண்டு முறை கழித்துவிட்டோம். விடைத் தெரிவுகளில் இந்தத் தவறான எண்களும் இருந்தால், கணக்கு சரியாக வந்துவிட்டதாக நினைத்து மகிழ்ந்து அடுத்த வினாவுக்குப் போய்விடுவீர்கள்.

மூன்றாவது பலவீனம், அனுபவசாலிகளைக் குறிவைத்துத் தாக்குவது. பெரிய வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்தால் இந்த வார அட்டவணையையே புரட்டிப்போடும் ஆலைகள் உண்டு. தேர்வு கேட்பது அந்த ஆலையின் வழக்கத்தை அல்ல; பாடத்திட்டத்தின் முறையை. ஃபென்ஸுக்கு உட்பட்ட மாற்றத்தைத் திட்டமிடுபவர் தாமாகச் செய்வதில்லை. அதனால் ஏற்படும் செலவையும் பாதிப்பையும் ஆராய்ந்து மேலதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும். அதேபோல, விற்பனையையும் உற்பத்தியையும் ஒருங்கே திட்டமிடும் எஸ் அண்ட் ஓ.பி. கூட்டம் பொருள் குடும்ப அளவில் முடிவெடுப்பது. தனித்தனிப் பொருளாகப் பிரிப்பது மாஸ்டர் ஷெட்யூலின் வேலை. நம் அலுவலகக் கூட்டத்தில் ஒவ்வொரு பொருளாகப் பேசிப் பழகியிருந்தால் இத்தகைய வினாக்களில் தடுமாற்றம் வரும்.

இனி 14 வாரத் திட்டம். வேலையில் இருப்பவர் வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்ற கணிப்பில் இதை அமைத்திருக்கிறேன். முதல் வாரத்தில் எதையும் படிக்காமல் ஒரு முன்தேர்வு எழுதிவிடுங்கள். இரண்டாம் வாரத்தில் உத்தியையும் எஸ் அண்ட் ஓ.பி.யையும் ஒரு சுற்று படியுங்கள். மூன்று முதல் ஏழு வரை தேவைத் திட்டமிடலும் வழங்கல் திட்டமிடலும். மாஸ்டர் ஷெட்யூல், எம்.ஆர்.பி., கொள்திறன் எல்லாம் இங்கேதான் வருவதால் ஐந்து வாரங்கள் தேவை. எட்டு முதல் பத்து வரை சரக்கிருப்பு மேலாண்மையும் விரிவான அட்டவணைகளும். பதினோராம் வாரத்தில் விநியோகம், தரம், தொழில்நுட்பம். கடைசி மூன்று வாரங்கள் முழு மாதிரித் தேர்வுகளுக்கு.

ஐந்து வார நடுப்பகுதியில் நாள்தோறும் ஓர் அட்டவணையைக் கையால் வெற்றுத்தாளில் போட்டுப் பழகுங்கள். எக்செல் பயன்படுத்த வேண்டாம். அது கூட்டிக் கொடுத்துவிடும், எதைக் கழிக்க வேண்டும் என்ற முடிவு உங்கள் மனத்தில் பதியாது. தவறாகப் போன ஒவ்வொரு வினாவுக்கும் காரணத்தைக் குறித்து வையுங்கள்: பாடம் தெரியவில்லையா, வினாவைச் சரியாகப் படிக்கவில்லையா, அல்லது அலுவலகப் பழக்கத்தில் விடையளித்தீர்களா? முதல் வகைக்குத்தான் மறுவாசிப்பு உதவும். இரண்டாம் வகை கூடிக்கொண்டே போனால், ‘முதலில் செய்ய வேண்டியது எது’, ‘எது பொருந்தாது’ போன்ற சொற்களை அடிக்கோடிட்டுப் படிக்கும் பயிற்சி தேவை. மூன்றாம் வகைக்குப் பாடநூலின் வரையறைகளை மனத்தில் ஏற்றுவதுதான் மருந்து.

மாதிரித் தேர்வுகளை 210 நிமிடம் ஒரே அமர்வில் எழுதுங்கள். ஒரு வினாவுக்குச் சராசரியாக 84 வினாடிகள். கருத்து வினாக்களை ஒரு நிமிடத்துக்குள் முடித்தால்தான் அட்டவணைக் கணக்குகளுக்கு மூன்று நிமிடம் மிஞ்சும். மூன்று நிமிடத்தைத் தாண்டும் கணக்கில், அப்போதைக்கு நியாயமாகப் படும் விடையைத் தெரிவு செய்து குறியிட்டுவிட்டு நகருங்கள். தவறுக்குக் கழிவு இல்லாததால் வெற்றிடமாக விடுவது மட்டுமே உறுதியான இழப்பு.

இறுதியாக உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே உள்ள அட்டவணையில் ஆறாம் வார ஆர்டரை 5-இலிருந்து 90 ஆக மாற்றுங்கள். எதிர்நோக்கும் இருப்பு 3 என்று நேர்மறையாகவே இருக்கும், ஆனால் ஐந்தாம் வார ஏ.டி.பி. கழித்தல் 5 ஆகிவிடும். அந்தக் குறையை முந்தைய உற்பத்தியிலிருந்து ஈடுகட்ட வேண்டும். அப்படியானால் இரண்டாம் வார ஏ.டி.பி. எவ்வளவு ஆகும், மூன்றாம் வாரத்தில் 35 கேட்பவருக்கு நீங்கள் எத்தனை வாக்களிப்பீர்கள்? காணொளியை நிறுத்திவிட்டுத் தாளில் போட்டுப் பார்த்து, இரண்டு எண்களையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். முதல் விடை 22, இரண்டாவது 30 என்று வராதவர்கள், எந்த வரியில் வழி மாறியது என்பதையும் சேர்த்து எழுதினால் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிலளிக்கிறேன்.