புல்வெளியில் கேட்ட குரல்கள்

நடுவர் நமக்கு வைத்த கேள்வி: "ரொமாண்டிக் காலத்து ஆங்கிலக் கவிதைகளில் வரும் கள்ளமின்மை குழந்தையுடையதா, திரும்பிப் பார்க்கும் பெரியவருடையதா?"

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பெரியவருடையது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி ஒன்று சொன்னார். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் 1789-இல் 'கள்ளமின்மைப் பாடல்கள்' போட்டார், 1794-இல் அதோடு 'அனுபவப் பாடல்கள்' சேர்த்தார். முதல் தொகுப்பு குழந்தையின் உலகம், இரண்டாவது பெரியவர் உலகம், கணக்கு முடிந்தது என்றார். தம்பி சொன்ன ஆண்டுகள் சரி. பிரித்த விதம்தான் பாதி சரி. இரண்டையும் ஒரே புத்தகமாகச் சேர்த்தபோது தலைப்புப் பக்கத்தில் பிளேக் என்ன எழுதினார்? 'மனித ஆன்மாவின் இரண்டு எதிரெதிர் நிலைகள்' என்று. வயதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. ஆன்மாவின் நிலை என்றால் அது யாருக்கும் வரும், பெரியவருக்கும் வரும்.

இதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால், 'தாதியின் பாட்டு' என்ற பெயரில் இரண்டு தொகுப்பிலும் இருக்கும் இரண்டு பாட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் வரி இரண்டிலும் ஒன்றேதான்: புல்வெளியில் குழந்தைகளின் குரல் கேட்கிறது. "வீட்டுக்கு வாருங்கள் பிள்ளைகளே, சூரியன் இறங்கிவிட்டது, இரவுப் பனி எழுகிறது" என்று தாதி கூப்பிடுவதும் இரண்டிலும் எழுத்து மாறாமல் வருகிறது. அதே புல்வெளி, அதே பிள்ளைகள், அதே அந்தி.

முதல் பாட்டில் குன்றிலே சிரிப்புச் சத்தம். தாதியின் நெஞ்சு அமைதியாக இருக்கிறது. பிள்ளைகள் எதிர்த்துப் பேசுகிறார்கள்: இன்னும் வெளிச்சம் இருக்கிறது, பறவைகள் பறக்கின்றன, ஆடுகளும் குன்றில்தான் நிற்கின்றன, எங்களுக்கு மட்டும் என்ன தூக்கம்? சரி சரி, வெளிச்சம் போகும்வரை விளையாடுங்கள் என்று விட்டுவிடுகிறாள். குன்றெல்லாம் எதிரொலிக்கிறது.

இரண்டாவது பாட்டில் சிரிப்பு இருந்த இடத்தில் கிசுகிசுப்பு. அப்புறம் ஒரு வரி வருகிறது, அந்த வரிக்காகத்தான் நான் இந்த மேடைக்கே வந்தேன்: "என் இளமை நாட்கள் மனத்தில் புதிதாக எழுகின்றன, என் முகம் பச்சையாகி வெளிறுகிறது." புல்வெளிக்கும் முகத்தின் நிறத்துக்கும் பிளேக் போட்டது ஒரே சொல், 'கிரீன்'. பிள்ளைகள் ஓடிய பச்சை அவள் முகத்தில் ஏறி நோயாகிறது. அடுத்த வரிகளில், உங்கள் வசந்தமும் பகலும் விளையாட்டில் வீணாகிறது என்கிறாள். இந்தப் பாட்டில் பிள்ளைகள் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. பதினாறு வரி எட்டாகச் சுருங்கியபோது உதிர்ந்துபோனது அவர்களுடைய பதில்தான்.

பிள்ளைகள் என்ன மாறினார்கள்? நமக்குத் தெரியாது. மாறியவள் தாதி. சிரிப்பாகக் கேட்டதும் அவள் காது, கிசுகிசுப்பாகக் கேட்டதும் அவள் காது.

அம்மா ஒருவர் எதிரணியில் எழுந்து, தன் பேரன் தினமும் மாலையில் வாசலில் நின்று "இன்னும் பத்து நிமிஷம் பாட்டி" என்று கெஞ்சுவதைச் சொன்னார், இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கைப்பேசி கெடுத்துவிட்டது என்றும் வருத்தப்பட்டார். கைப்பேசி வேறு வழக்கு அம்மா, அதற்குத் தனி மன்றம் வைக்கலாம். ஆனால் பேரனைச் சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுத்ததை நாங்கள் எல்லோரும் கேட்டோம். அவனுக்கு அது வெறும் பத்து நிமிஷம். கண் கலங்கியது உங்களுக்கு.

எங்கள் அணித் தலைவர், இன்னொரு ரொமாண்டிக் கவிஞரான வேர்ட்ஸ்வொர்த் குழந்தைப் பருவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதிய புகழ்பெற்ற 'இம்மார்ட்டாலிட்டி ஓட்' பற்றி விரிவாகப் பேசிவிட்டார். 1802-இல் நான்கு பத்தி எழுதி, "அந்த ஒளி எங்கே போயிற்று?" என்ற கேள்வியில் நின்று, 1804-இல்தான் முடித்தார் என்பதையெல்லாம் சொல்லிவிட்டார். நான் ஒரே ஒரு இடத்தைத் தொடுகிறேன். அந்தக் கவிதையின் பின்பகுதியில் கவிஞர் குழந்தைப் பருவத்துக்கு நன்றி சொல்கிறார். எதற்கு? அதன் மகிழ்ச்சிக்கோ சுதந்திரத்துக்கோ இல்லை என்று அவரே விலக்குகிறார். வெளியுலகமே கைநழுவி மறைவதுபோல வந்த அந்த மயக்கங்களுக்கு, விடாத கேள்விகளுக்கு நன்றி என்கிறார்.

பிறகு 1843-இல், எழுபது வயது கடந்தபின், இசபெல்லா ஃபென்விக் என்ற தோழியிடம் தம் கவிதைகளைப் பற்றிக் குறிப்புகள் சொல்லி எழுதவைத்தார். அதில் அதே அனுபவம் வருகிறது. பள்ளிக்கூடம் போகும் வழியில், கண்ணெதிரே இருப்பதெல்லாம் தனக்கு வெளியே இல்லை, தனக்குள்ளேயே இருக்கிறது என்று தோன்றிவிடுமாம். அந்தப் பள்ளத்திலிருந்து மீள, பலமுறை சுவரையோ மரத்தையோ எட்டிப் பிடித்துக்கொள்வாராம். அந்த வயதில் அதற்குப் பயந்தேன் என்று தெளிவாகவே சொல்கிறார். வளர்ந்தபின் துக்கம் நேர்மாறானது, அந்த நிலை வராமல் போனதே என்று.

இதைவிட என் கட்சிக்கு என்ன சாட்சி வேண்டும் நடுவர் அவர்களே? சுவரைப் பிடித்து நின்ற பையனுக்கு அது பயம். முப்பதுகளில் இருந்தவருக்கு அது வரம். கவிதையில் ஏறியது வரம். பையனின் கை சுவரில் இருந்தது கவிதையில் இல்லை, குறிப்பில்தான் இருக்கிறது.

சரி, எதிரணித் தலைவர் ஐயா வைத்த வாதத்துக்கு வருகிறேன். நிறையப் படித்தவர், வலுவான இடத்தில்தான் அடித்தார். வேர்ட்ஸ்வொர்த்தின் 'நாங்கள் எழுவர்' கவிதை, 1798. எட்டு வயதுச் சிறுமி. உடன்பிறப்பு எத்தனை பேர் என்று கேட்கிறார் வழிப்போக்கர். ஏழு என்கிறாள்: இருவர் கான்வே ஊரில், இருவர் கடலில், இருவர் கல்லறையில், அப்புறம் நான். இறந்தவரைக் கழித்தால் ஐந்துதானே என்று அவர் திரும்பத் திரும்பக் கணக்குப் போட, அவள் கடைசிவரை ஏழு என்பதை விடவில்லை. "இங்கே பேசுவது குழந்தை, தோற்பது பெரியவர்" என்றார் ஐயா.

தோற்பது பெரியவர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "சாவைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?" என்று முதல் பத்தியில் கேட்பது யார்? அந்தப் பெரியவர். அவளோ, சகோதரி ஜேன் படுக்கையில் முனகிக் கிடந்ததைச் சொல்கிறாள். தம்பியோ அண்ணனோ, ஜான் பனிக்காலத்தில் போனதைச் சொல்கிறாள். அம்மாவின் வாசலிலிருந்து கல்லறைக்கு எத்தனை காலடி என்றுகூடத் தெரியும், பன்னிரண்டோ கொஞ்சம் கூடவோ. அங்கே உட்கார்ந்து காலுறை பின்னுகிறாள், ராச்சாப்பாட்டுக் கிண்ணத்தை அங்கே கொண்டுபோகிறாள். இவ்வளவு தெரிந்தவளுக்கு 'ஒன்றும் தெரியாதது' என்று பெயர் வைத்தது வழிப்போக்கர். கள்ளமின்மை என்பது அவர் ஒட்டிய சீட்டு.

அந்தச் சீட்டைக் கிழித்தபின் அவளிடம் மிஞ்சுவது என்ன? பாசமா, பிடிவாதமா, நமக்குப் பிடிபடாத வேறு அறிவா? என்னிடம் பதில் இல்லை. எங்கள் அணியிலும் அவளை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை, ஐயா. கிண்ணத்தோடு அவள் அந்த இரண்டு கல்லறைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நடுவர் அவர்கள் அவளைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க நானும் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.