ஓணானுக்கும் காய்ச்சல் வரும்

நேயர்களுக்கு வணக்கம்.

காய்ச்சலோடு யாரையாவது அழைத்து வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். "டாக்டர், சூடு எப்போ இறங்கும்?" கவலையில் கேட்கிறார்கள், கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தச் சூட்டை ஏற்றியது யார்? கிருமியா, உடம்பா? இதற்குப் பதில் தெரிந்தால், எப்போது சூட்டை இறக்க வேண்டும், எப்போது விட்டுவிடலாம் என்பது பாதி புரிந்துவிடும்.

பதிலைத் தெளிவாகக் காட்டியது ஒரு ஓணான். அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் இக்வானா என்ற வகை அது. நம்மைப் போல உள்ளுக்குள் சூட்டை உண்டாக்கி உடம்பை ஒரே நிலையில் வைத்துக்கொள்ள அதனால் முடியாது. சூடு வேண்டுமென்றால் வெயிலுக்குப் போகும், போதுமென்றால் நிழலுக்கு நகரும். 1970களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளூகர் என்ற உடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் இந்த ஓணான்களை, ஒரு பக்கம் வெப்பமாகவும் மறுபக்கம் குளுமையாகவும் இருக்கும் அறையில் விட்டுப் பார்த்தார்கள். ஆரோக்கியமான ஓணான் அங்குமிங்கும் நகர்ந்து தன் உடம்பைச் சுமார் 38 டிகிரி செல்சியஸில் வைத்துக்கொண்டது. பாக்டீரியாவைச் செலுத்தியதும் அதே ஓணான் வெப்பமான பக்கத்திலேயே கூடுதல் நேரம் இருந்து, உடம்பின் சூட்டை ஏறக்குறைய 2 டிகிரி உயர்த்திக்கொண்டது.

கிருமி அதைச் சூடாக்கவில்லை என்பது இங்கே கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. ஓணான் தானே நடந்து போய்ச் சூடேற்றிக்கொண்டது.

சரி, அதனால் அதற்கு என்ன பயன்? 1975-இல் அவர்கள் அடுத்த சோதனையைச் செய்தார்கள். உயிருள்ள பாக்டீரியாவைச் செலுத்தியபின், ஓணான்களைக் குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தார்கள். இந்தத் தடவை விருப்பப்படி நகர வழியில்லை. 34 டிகிரியில் இருந்தவை சில நாட்களுக்குள் எல்லாமே இறந்துபோயின. 42 டிகிரியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை ஒரு வாரம் கழித்தும் உயிரோடு இருந்தன. மறு வருடம் இன்னொரு சோதனை. நோய்த்தொற்று உள்ள ஓணான்களுக்கு ஆஸ்பிரினின் நெருங்கிய உறவான சாலிசிலேட் மருந்தைக் கொடுத்தார்கள். மருந்தையும் மீறிச் சிலவற்றுக்குக் காய்ச்சல் வந்தது, அவை பிழைத்தன. மருந்தால் காய்ச்சலே வராமல் போனவை இறந்தன.

ஓணானில் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்திவிட முடியாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் நம் உடம்பு எப்படிச் சூடேற்றுகிறது என்று பார்த்துவிடலாம்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. உடம்பு எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்பதை அதுதான் நிர்ணயிக்கிறது, ஏசியில் நாம் ஒரு எண்ணை வைப்பதுபோல. சாதாரணமாக அது 37-ஐ ஒட்டி இருக்கும். கிருமி நுழைந்ததும் அதை முதலில் சந்திக்கும் வெள்ளை அணுக்கள் இன்டர்லூக்கின் முதலிய ரசாயனச் செய்திகளை ரத்தத்தில் விடுகின்றன. அவை மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரை எட்டும்போது அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாகிறது. அதுதான் ஹைப்போதலாமஸின் எண்ணைத் தூக்கி வைக்கிறது. பாரசிட்டமாலும் இபுபுரூஃபெனும் வேலை செய்வது இந்த இடத்தில்தான். புரோஸ்டாகிளாண்டின் உருவாவதை அவை குறைக்கின்றன, எண் பழையபடி இறங்குகிறது. கிருமியை அவை தொடுவதே இல்லை.

ஃப்ளூ வந்த ஒருவரின் ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். ஐந்து மணிக்கு அவருடைய எண் 37-இலிருந்து 39-க்கு ஏறிவிட்டது. உடம்பு இன்னும் 37-இல்தான் இருக்கிறது. மூளையின் கணக்குப்படி உடம்பு 2 டிகிரி குளிர்ந்து கிடக்கிறது. உடனே தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. உள்ளே இருக்கும் சூடு வெளியே போகக் கூடாது என்பதற்காக. அதனால் கையும் காலும் சில்லிட்டு வெளிறிப் போகின்றன. அப்புறம் தசைகள் நடுங்கத் தொடங்குகின்றன. நடுக்கம் என்பது தசைகள் சூட்டை உற்பத்தி செய்யும் வேலை. அவர் போர்வையை இழுத்துச் சுருண்டு படுக்கிறார். ஓணான் வெயிலுக்கு நடந்ததும் இதுவும் ஒரே காரியம்தான். அந்த நேரத்தில் அவர் விரல்களைத் தொட்டால் பனிக்கட்டியாக இருக்கும், வயிற்றில் கை வைத்தால் கொதிக்கும். தெர்மாமீட்டர் வைத்தால் 37.8, 38.3 என்று ஏறிக்கொண்டே போகும்.

ஏழு மணி வாக்கில் உடம்பு 39-ஐத் தொடுகிறது, அதாவது 102 ஃபாரன்ஹீட்டுக்குச் சற்று மேல். எண்ணும் உடம்பும் ஒத்துப்போய்விட்டதால் நடுக்கம் நின்றுவிடுகிறது. கை கால் சூடாகின்றன, முகம் சிவக்கிறது. குளிரவும் இல்லை, வியர்க்கவும் இல்லை. நள்ளிரவில் எண் இறங்குகிறது, மருந்தாலோ தானாகவோ. இப்போது மூளைக்கு உடம்பு அதிகச் சூடாகத் தெரிகிறது. ரத்தக்குழாய்கள் விரிகின்றன, வியர்வை ஆறாய் ஓடுகிறது, போர்வையை உதறித் தள்ளுகிறார்.

நடுங்குகிறவர் மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவது ஏன் தவறு என்பது இதிலிருந்தே விளங்கும். எண் 39-இல் இருக்கும்போது தோலைக் குளிர்வித்தால், மூளை இன்னும் மூர்க்கமாக நடுக்கத்தை ஏவிவிடும். நோயாளிக்குக் கிடைப்பது கூடுதல் வேதனை மட்டுமே. குழந்தைகளை இப்படித் தேம்பத் தேம்பக் குளிர்விப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

வெயில் தாக்கி மயங்கியவரின் நிலை இதற்கு நேர் எதிர். அவருடைய எண் 37-இலேயே இருக்கிறது. உடம்பு சூட்டை வெளியேற்றத் தோற்றுப்போய் 40-ஐத் தாண்டிவிட்டது. அங்கே பாரசிட்டமால் பயன்படாது, இறக்குவதற்கு உயர்ந்த எண்ணே இல்லையே. அவரைத் தண்ணீராலும் காற்றாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் குளிர்விக்க வேண்டும். காய்ச்சலுக்கு அந்த அபாயம் பொதுவாக இல்லை. காய்ச்சலின்போது மூளையே ஒரு உச்சவரம்பு வைத்துக்கொள்கிறது. தொற்றினால் வரும் காய்ச்சல் 41 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம்.

இரண்டு டிகிரி சூடு கிருமியை வேகவைத்துவிடாது. அது செய்வது நுட்பமான வேலை. பல பாக்டீரியாக்கள் பெருக இரும்புச்சத்து வேண்டும். தொற்று வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து ரத்தத்தில் இரும்பைக் குறைத்துவிடுகிறது. இரும்பைப் பிடித்திழுக்கச் சில பாக்டீரியாக்கள் தனிப் பொருள்களைத் தயாரிக்கும். காய்ச்சல் சூட்டில் அந்தத் தயாரிப்பு தடுமாறுகிறது. 1979-இல் க்ளூகரின் குழு இதைக் காட்டியது. சூடு மட்டும் இருந்தாலோ, இரும்புக்குறைவு மட்டும் இருந்தாலோ பாக்டீரியா ஓரளவு சமாளித்தது, இரண்டும் சேர்ந்தபோது திணறியது. இன்னொரு பக்கம், ரத்தத்தில் மிதக்கும் நிணநீர் அணுக்கள் காய்ச்சல் சூட்டில் ரத்தக்குழாய்ச் சுவரில் நன்றாக ஒட்டிக்கொண்டு, நிணநீர்க் கணுக்களுக்குள் விரைவாக நுழைகின்றன. கிருமியை அடையாளம் கண்டு படை திரட்டும் இடம் அதுதான்.

இதற்கு விலையும் உண்டு. ஒரு டிகிரி ஏறினால் உடம்பின் ஆற்றல் செலவு சுமார் 10 சதவீதம் கூடுகிறது. நாடித்துடிப்பு ஏறுகிறது, மூச்சு வேகமாகிறது, நீர் வற்றுகிறது. நல்ல இதயமும் நுரையீரலும் உள்ளவர் இதைச் சில நாட்கள் தாங்குவார். இதயம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு இந்தக் கூடுதல் சுமையே ஆபத்தாகலாம். தலையில் அடிபட்டவருக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் சூடு மூளைக்குக் கேடு. கர்ப்பிணிகளுக்கும் காய்ச்சலை விட்டுவைப்பது சரியல்ல. இவர்களுக்குச் சூட்டை இறக்குவதே முறை.

மற்றவர்களுக்கு? ஓணானைப் போலக் காய்ச்சலை இறக்கினால் மனிதன் செத்துப்போவானா? 2015-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தொற்றும் காய்ச்சலும் இருந்த 700 பேரிடம் நடத்திய ஆய்வு வெளியானது. பாதிப் பேருக்கு ஆறு மணிக்கொரு முறை பாரசிட்டமால், மீதிப் பேருக்கு மருந்தில்லாத திரவம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உயிரோடிருந்த நாட்களிலும், இறப்பிலும் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்த நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் மருந்துகளும் போய்க்கொண்டிருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது, ஓணானுக்கு அந்த உதவி இல்லை.

ஆகவே நான் நோயாளிகளிடம் சொல்வது இதுதான். தெர்மாமீட்டரில் தெரியும் எண்ணுக்காக மாத்திரை போட வேண்டாம். 38.5 இருந்தும் ஒருவர் தண்ணீர் குடிக்கிறார், பேசுகிறார், தூங்குகிறார் என்றால் விட்டுவிடலாம். உடல்வலியால் தூங்க முடியவில்லை, தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் தாராளமாக பாரசிட்டமால் கொடுக்கலாம், குணமாவது அதனால் பெரிதாகத் தள்ளிப்போகாது. குழந்தைக்கு வயதை வைத்து அளக்காமல் எடையை வைத்து அளக்க வேண்டும்: ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். காய்ச்சல் வலிப்பு வந்துவிடுமோ என்று பயந்து வேளை தவறாமல் மருந்து ஊற்றும் பெற்றோர் நிறையப் பேர். அந்த மருந்து வலிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன.

எண் முக்கியமாகும் ஒரு இடமும் உண்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தாலே காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மற்ற எல்லா வயதிலும் எண்ணைவிட ஆளைப் பாருங்கள். குழப்பமாகப் பேசுவது, எழுப்பினால் எழாதது, கழுத்து விறைப்பது, மூச்சுத் திணறுவது, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோலில் தெரிவது, அரை நாளாகச் சிறுநீரே போகாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும், காய்ச்சல் 38-ஆக இருந்தாலும் சரி, மாத்திரையில் இறங்கியிருந்தாலும் சரி, உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வணக்கம்.