பதினெட்டு நாளில் ஒரு வழிகாட்டி

நேயர்களுக்கு வணக்கம். வாகன உதிரிபாகங்களைக் கடைந்து தரும் ஒரு தொழிற்சாலையின் மெஷின் ஷாப்பில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்தவன் நான். கோடை விடுமுறையில் நான்கு வாரப் பயிற்சிக்கு வரும் இயந்திரவியல் மாணவர்களை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அந்த நான்கு வாரத்துக்குள் தொழிற்சாலையின் உள்ளே ஒரு வழிகாட்டியைக் கண்டுபிடிப்பது எப்படி, அவரை எப்படி அணுகுவது என்பதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

முதலில் கையில் இருக்கும் நாள்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு வாரம் என்றால் ஞாயிறு போக 24 நாள். கேட் பாஸ் வாங்குவது, பாதுகாப்பு வகுப்பு, ஷூவும் கண்ணாடியும் கைக்கு வருவது என்று முதல் மூன்று நாள் போய்விடும். அறிக்கை எழுதுவது, அதில் கையொப்பம் வாங்குவது, சான்றிதழுக்காக ஹெச்.ஆர். அறை வாசலில் காத்திருப்பது என்று கடைசி மூன்று நாள் போய்விடும். மிஞ்சுவது 18 நாள். பழகிப் பழகி மெல்ல நெருங்கலாம் என்று நினைக்கும் மாணவனுக்கு இந்தக் கணக்கு இடம் கொடுக்காது.

பயிற்சிக்கு வந்த முதல் நாளே ஹெச்.ஆர். துறையினர் ஒருவரைக் காட்டி, இவர்தான் உன் கைடு என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அவர் ஒரு மேலாளராக இருப்பார். அறிக்கையில் கையொப்பமிடும் அதிகாரம் அவருடையது. ஆனால் உங்களுக்கு ஒதுக்க அவரிடம் நேரம் இருக்காது. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் உற்பத்திக் கூட்டம், பிறகு வாடிக்கையாளரின் தொலைபேசி, மாலையில் மறுநாள் திட்டம் என்று அவர் நாள் ஓடிவிடும். மாணவர்கள் செய்யும் முதல் தவறு, இவரையே வழிகாட்டியாக நினைத்து இவர் அறை முன்னால் இரண்டு வாரம் நின்றுவிடுவது. இரண்டாவது தவறு அதற்கு நேர்மாறானது: இவருக்குத் தெரியாமலே வேறொருவரிடம் போய் ஒட்டிக்கொள்வது. தன் பயிற்சி மாணவன் இன்னொரு துறையில் சுற்றுகிறான் என்பதை மேலாளர் மூன்றாம் மனிதர் வாயிலாகக் கேள்விப்பட்டால், அந்த இன்னொருவருக்கும் சேர்த்துத்தான் சங்கடம்.

அப்படியென்றால் வழிகாட்டி யார்? பதவியை வைத்து அவரை அடையாளம் காண முடியாது. ஒரு மெஷின் நின்றுபோனால் ஆபரேட்டர் முதலில் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள். அளவு தவறிய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் யார் மேசைக்கு நடந்து போகிறார் என்று பாருங்கள். மூன்று நாளில் ஒரே மனிதரின் பெயர் நான்கைந்து முறை காதில் விழும். எங்கள் ஷாப்பில் அப்படி ஒருவர் இருந்தார். டிப்ளமோ படித்தவர், தர ஆய்வுப் பிரிவில் மூத்த தொழில்நுட்பப் பணியாளர். அமைப்பு வரைபடத்தில் அவர் பெயரைக் கீழிருந்துதான் தேட வேண்டும். கல்லூரி மாணவர்கள் அவரைத் தாண்டி நடந்துபோய், கண்ணாடி அறைக்குள் இருப்பவரைத் தேடுவார்கள்.

கேட்பதற்குப் பதில் சொல்கிறவர் எல்லாருமே வழிகாட்டி ஆகிவிட மாட்டார். இந்த மெஷின் என்ன செய்கிறது என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். ஏன் இந்த வரிசையில் கடைகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சிலர் வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று முடித்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, பேனாவைத் தேடுவார். உங்களுக்கு வேண்டியவர் அவர்தான்.

இனி, அவரை அணுகும் விதம். சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு மாணவி செய்ததை அப்படியே சொல்கிறேன். அந்தப் பெண்ணை ஒரு சி.என்.சி. கடைசல் மெஷின் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்கள். 25 மில்லிமீட்டர் துளை கொண்ட எஃகு புஷ் ஒன்று அதில் ஓடிக்கொண்டிருந்தது. துளை அளவில் அனுமதிக்கப்பட்ட மொத்த வேறுபாடு 21 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 21 பங்கு. உணவு இடைவேளை முடிந்து மெஷினை மறுபடி ஓட்டியதும் வரும் முதல் ஐந்தாறு பாகங்களில் துளை சற்றுச் சிறியதாக இருப்பதையும், ஆபரேட்டர் வாய்பேசாமல் அளவைத் திருத்திவிட்டு ஓட்டுவதையும் அவர் கவனித்தார். உடனே யாரிடமும் போய்க் கேட்கவில்லை. மூன்று நாள், இடைவேளைக்கு முன் பத்துப் பாகம், பின் பத்துப் பாகம் என்று ஆபரேட்டரின் அனுமதியோடு அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதினார். வேறுபாடு சுமார் 8 மைக்ரான்.

நான்காம் நாள் காலையில் தன் கைடிடம் போய், "சார், இடைவேளைக்குப் பிறகு துளை அளவு மாறுவதைக் குறித்து வைத்திருக்கிறேன்; இதைப் பற்றித் தர ஆய்வுப் பிரிவில் அந்த அண்ணனிடம் கேட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டார். மேலாளர் தலையசைக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடம்தான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டு.

அன்றைக்கே போய் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் முதல் ஷிப்ட் மதியம் இரண்டு மணிக்கு மாறும். அதற்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் யாரையும் நெருங்க முடியாது. காலைக் கூட்டத்துக்கு முன்பும், மாதக் கடைசியில் லாரி ஏற்றும் நாள்களிலும் அப்படித்தான். மூன்றரை மணித் தேநீர் முடிந்து அந்த அண்ணன் மேசைக்குத் திரும்பிய நேரம் பார்த்து, குறிப்பேட்டைத் திறந்து வைத்து, "அண்ணா, பத்து நிமிஷம் கிடைக்குமா? இந்த அளவு ஏன் இறங்குகிறது என்று புரியவில்லை. மெஷின் ஆறிப்போவதால் என்று நினைக்கிறேன், சரிதானா?" என்று கேட்டார். எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா என்று அவர் கேட்கவேயில்லை. அப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவர் என்ன சொல்வார்? எவ்வளவு நேரம், எத்தனை நாள், எதற்குப் பொறுப்பு என்று எதுவும் தெரியாத ஒன்றுக்குச் சம்மதிக்க யாருக்கும் தயக்கம் வரும். பத்து நிமிடத்துக்கு, மேசைமேல் கிடக்கும் எண்களைப் பற்றி, ஒரே கேள்வி என்றால் மறுப்பதுதான் கடினம். தவறாகவே இருந்தாலும் தன் ஊகம் ஒன்றைச் சேர்த்துச் சொன்னதும் நல்லது. திருத்துவதற்கு ஒன்று கிடைத்தால் அனுபவஸ்தர்கள் உற்சாகமாகிவிடுவார்கள். இது நான் என்னிடமே கண்ட பலவீனம்.

அவர் பதில் சொல்லவில்லை, திருப்பிக் கேட்டார். "பாகத்தை மெஷினிலிருந்து எடுத்து எவ்வளவு நேரம் கழித்து அளந்தாய்?" உடனே என்றார் மாணவி. சூடான பாகத்தில் துளையும் விரிந்திருக்கும். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 11 மைக்ரான் நீளும் என்று கணக்கிட்டால், 25 மில்லிமீட்டருக்கு ஏழு டிகிரி வேறுபாடே கிட்டத்தட்ட 2 மைக்ரான் காட்டிவிடும். இடைவேளையில் குளிர்விக்கும் எண்ணெய்க் கரைசல் ஆறியிருக்கும். அதனால் முதல் பாகங்கள் சூடு குறைவாக வெளிவரும். ஆக 8 மைக்ரானில் எவ்வளவு மெஷினால் வந்தது, எவ்வளவு பாகத்தின் சூட்டால் வந்தது? எல்லாப் பாகத்தையும் குளிரூட்டிய ஆய்வறையில் சமதளக் கல்லின் மேல் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி அளந்து வா என்றார். மூன்றாம் நாள் மாணவி திரும்பி வந்தார். வேறுபாடு 6 மைக்ரானாகக் குறைந்திருந்தது. மெஷின்தான் முக்கியக் காரணம். ஆனால் முழுக் காரணம் அது அல்ல.

வழிகாட்டி உறவு உண்டானது முதல் சந்திப்பில் அல்ல, இந்த இரண்டாவது சந்திப்பில்தான் என்பது என் கணிப்பு. சொன்ன வேலையைச் செய்து, விடையோடு திரும்பி வருகிற பயிற்சி மாணவர் அரிது. பத்துப் பேர் கேள்வி கேட்டால் ஏழு பேர் நன்றி சார் என்று போனவர்கள் போனவர்கள்தான். மறுபடி முகம் காட்டுவது கையொப்பத்துக்கு. அதனால்தான் மூத்தவர்கள் முதல் முறை அரைமனத்தோடு பதில் சொல்கிறார்கள். மூன்று நாளுக்குள், வேலை முடியாவிட்டாலும், இவ்வளவு செய்தேன், இங்கே நிற்கிறது என்று சொல்லப் போவது அவசியம். அந்த அண்ணன் மூன்றாவது சந்திப்பைத் தானே குறித்தார். நாலரை மணிக்கு வா, பழைய நிராகரிப்புப் பதிவேட்டைக் காட்டுகிறேன் என்றார். நேரத்தை அவரே சொல்லத் தொடங்கிவிட்டால் காரியம் கூடிவிட்டது என்று பொருள்.

எப்போதும் இப்படிக் கூடிவராது. இரண்டு முறை போயும் பார்க்கலாம், அப்புறம் வா என்ற பதில்தான் என்றால், மூன்றாம் முறை போகாதீர்கள். மரியாதையாகப் பேசுகிறார் என்பதற்காக ஒரு வாரம் காத்திருந்தால் 18 நாளில் ஆறு போய்விடும். காதில் இரண்டாவதாக விழுந்த பெயரிடம் போகலாம். ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் கேட்டு, "அவர் வேறு மாதிரி சொன்னாரே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு கதவும் ஒரே நாளில் மூடும். முதல் சந்திப்பிலேயே வேலை கிடைக்குமா என்று கேட்பதும் அந்த வகைதான். ஒருமுறை ஒரு பையன் என் மேசைக்கு வந்ததும் அதைத்தான் கேட்டான். நானும் எரிச்சலில் ஹெச்.ஆர். அறையைக் காட்டிவிட்டேன். அவன் கையில் நல்ல குறிப்புகள் இருந்தன என்பது அறிக்கை வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. தப்பு பாதி என்னுடையது.

குறிப்பேடு பற்றி ஒரு எச்சரிக்கை. கைப்பேசியில் வரைபடத்தையோ மெஷினையோ படம் எடுக்காதீர்கள். பல தொழிற்சாலைகளில் அது பயிற்சியை நிறுத்தி வாசலுக்கு வெளியே அனுப்பிவிடும் குற்றம், உங்களை உள்ளே சேர்த்துக்கொண்டவருக்கும் விளக்கக் கடிதம் வரும். அளவுகளைக் கையால் எழுதுங்கள். அறிக்கையைக் கல்லூரிக்குக் கொடுக்கும் முன் வழிகாட்டியிடம் காட்டி, வாடிக்கையாளர் பெயர், பாக எண், நிராகரிப்பு எண்ணிக்கை இவற்றில் எதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டு எடுத்துவிடுங்கள். அந்த மாணவியின் அறிக்கையில் நான்கு இடத்தில் அண்ணன் சிவப்பு மையால் அடித்தார். இரண்டு ரகசியத்துக்காக, இரண்டு அவர் கண்ட கணக்குப் பிழைக்காக.

கடைசி நாள் அந்தப் பெண் ஒற்றைத் தாளில் தன் அளவுகளையும், இடைவேளைக்குப் பின் மெஷினைப் பாகமில்லாமல் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கலாம் என்ற யோசனையையும் எழுதிக் கொடுத்துவிட்டு, கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து ஒரு செய்தி அனுப்பினார். வாய்மொழித் தேர்வு முடிந்தது, பாகத்தை ஏன் ஆறவைத்து அளந்தாய் என்றுதான் முதல் கேள்வி கேட்டார்கள் என்று எழுதியிருந்தார். கூடவே, அந்த மெஷினில் வெறும் ஓட்டம் எத்தனை நிமிடம் விட்டால் போதுமானதாக இருந்தது என்று கேட்டிருந்தார். அண்ணன் அன்று மாலையே உட்கார்ந்து பதில் தட்டச்சு செய்வதைப் பார்த்தேன்.

வணக்கம்.