கவிதைக்கு மேலே ஒரு வரி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த எல்லோருக்கும் இந்தக் கேள்வி நினைவிருக்கும். 'பின்வரும் பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதி, ஏற்ற தலைப்பு இடுக.' பத்தி மரம் நடுவதைப் பற்றி இருக்கும். நாமும் 'மரம் வளர்ப்போம்' என்று மேலே எழுதி அடிக்கோடு போடுவோம். மதிப்பெண் கிடைத்துவிடும். உரைநடைப் பத்திக்கு அது போதும். மிளகாய்த்தூள் டப்பாவில் 'மிளகாய்த்தூள்' என்று சீட்டு ஒட்டினால்தானே எடுக்க வசதி? ஆனால் கவிதை எழுத உட்காரும்போதும் பலர் அந்தத் தேர்வு அறையை விட்டு வெளியே வருவதில்லை. அதுதான் என் நெடுநாள் புகார்.

சிற்றிதழ் ஒன்றுக்கு வரும் கவிதைகளைப் படித்துத் தேர்ந்து கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். தபால் உறையில் வந்தவை இப்போது மின்னஞ்சலில் வருகின்றன. தலைப்புகள் மட்டும் மாறவே இல்லை. தனிமை, ஏக்கம், காத்திருப்பு, வலி, நினைவுகள், மௌனம். அதிலும் 'மௌனம்' என்று பெயர் வைத்துவிட்டு மூன்று பக்கம் பேசுகிறவர்களை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. போகட்டும்.

ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இதற்காகவே நான் எழுதிய நான்கு வரிகள். பெரிய கவிதை ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதிக்கொள்ளவும் வேண்டாம், காதில் வாங்கினால் போதும்.

இரண்டு தம்ளரில் காபி ஆற்றினாள்.
ஒன்றைக் குடித்தாள்.
மற்றதை ஆறும்வரை வைத்திருந்து
செடிக்கு ஊற்றினாள்.

இன்னொரு முறை சொல்கிறேன். இரண்டு தம்ளரில் காபி ஆற்றினாள். ஒன்றைக் குடித்தாள். மற்றதை ஆறும்வரை வைத்திருந்து செடிக்கு ஊற்றினாள்.

இதற்கு என்ன தலைப்பு வைக்கலாம்? தேர்வு அறைப் பழக்கம் 'தனிமை' என்று எழுதச் சொல்லும். வைத்துப் பாருங்கள். நான்கு வரியும் கேட்டு முடித்த பிறகு உங்களுக்குள் தானாக எழ வேண்டிய ஒரு சொல்லை முதலிலேயே உங்கள் கையில் திணித்தாகிவிட்டது. அதற்கு மேல் அந்த இரண்டாவது தம்ளர் எதற்கு? ஏற்கெனவே சொல்லிவிட்ட ஒன்றுக்குச் சாட்சியாக மட்டும் வந்து நிற்கிறது. சரி, 'காபி' என்று வைத்தால்? கெடுதல் இல்லை. நன்மையும் இல்லை. காபி உள்ளேயே இருக்கிறது, மேலே இன்னொரு முறை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது மூன்றாவதாக ஒன்று: 'பதினாறாம் நாளுக்கு மறுநாள்.'

தலைப்பைச் சேர்த்து மனதுக்குள் அந்த வரிகளை ஓட்டிப் பாருங்கள். யார் இறந்தார் என்று நான் சொல்லவில்லை. அழுகை என்ற சொல் எங்குமே இல்லை. ஆனால் நம் வீடுகளில் துக்கம் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். அடுப்படி வேறு யாரோ ஒருவர் பொறுப்பில் இருக்கும், காபி அவள் கைக்கு வந்து சேரும். காரியம் முடிந்ததும் ஒவ்வொருவராகப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். மறுநாள் காலையில்தான் அவள் தானே பால் காய்ச்சுகிறாள். கைக்குப் பழைய அளவுதான் தெரியும். இவ்வளவும் அந்தத் தலைப்புக்குள் இருக்கிறது. நான்கு வரியில் ஒன்றிலும் இல்லை. 'தனிமை' என்ற தலைப்பு கவிதையில் ஏற்கெனவே இருந்ததை எடுத்து மேலே வைத்தது. இந்தத் தலைப்பு கவிதைக்கு வெளியே இருந்து ஒரு நாளைக் கொண்டுவந்து கொடுத்தது. நான் இன்று சொல்ல வந்ததே இந்த வேறுபாட்டைத்தான்.

நான்காவதாகவும் ஒன்று வைத்திருக்கிறேன். 'மருமகள் சொன்னது.' அதே வரிகள்தான், ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் வீட்டில் திடீரென்று இன்னொரு ஆள் முளைத்துவிட்டாள். சமையலறை வாசலில் நின்று ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். பரிவோடு சொல்கிறாளா, நல்ல காபி வீணாகப் போகிறதே என்ற ஆற்றாமையில் சொல்கிறாளா? இரண்டு குரலிலும் படித்துப் பார்க்கலாம், இரண்டும் பொருந்தும்.

இந்த நான்காவது வகை ஒன்றும் புதியதில்லை. சங்க அகப்பாடல்களுக்கு இன்று நாம் வைப்பது போன்ற தலைப்பு கிடையாது. ஆனால் ஒவ்வொரு பாட்டோடும் ஒரு குறிப்பு வரும். தலைவி கூற்று, தோழி கூற்று, இன்னாரிடம் இன்ன நேரத்தில் சொன்னது என்று. புலவர்கள் எழுதியதல்ல, பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தது என்பதே அறிஞர் பலரின் கருத்து. யார் எழுதினால் என்ன, தலைப்பு செய்ய வேண்டிய வேலையை அது செய்கிறது. நாம்தான் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

குறுந்தொகை 40-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'யாயும் ஞாயும் யாரா கியரோ.' உங்களுக்குத் தெரிந்த பாட்டுதான். உன் தாயும் என் தாயும் ஒருவருக்கொருவர் யார்? உன் தந்தையும் என் தந்தையும் எந்த வழியில் உறவு? நீயும் நானும் ஒருவரையொருவர் எப்படி அறிந்தோம்? ஆனாலும் செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன. கல்யாணப் பத்திரிகையில் போடுகிறார்கள், மேடை வாழ்த்துரையில் சொல்கிறார்கள். கேட்கிறவர்களும் மகிழ்ச்சிப் பாட்டு என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

அதன் குறிப்பு என்ன சொல்கிறது தெரியுமா? இருவரும் கூடிய பிறகு, இவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகம் மாறியதைக் கண்டு தலைவன் சொன்னது இது.

பயந்துபோய் நிற்கும் ஒரு பெண்ணிடம் சொல்லும் பதில் இது! அந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டு முதல் மூன்று வரியைத் திரும்பப் படியுங்கள். குறிப்பு இல்லாமல் படித்தபோது அவை வியப்பாகத் தெரிந்தன. முன்பின் தெரியாத இருவர் சேர்ந்துவிட்டோமே என்ற வியப்பு. குறிப்போடு படித்தால் அவள் பயத்தின் காரணங்களையே அவன் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வதாகத் தெரியும். தாய் வழியில் தொடர்பில்லை. தந்தை வழியில் உறவில்லை. முன் அறிமுகமும் இல்லை. நாளைக்கு இவன் வராமல் போனால் போய்க் கேட்பதற்கு அவளுக்கு ஓர் ஆள்கூடக் கிடையாது. அவள் வாய்விட்டுச் சொல்லாததை அவனே சொல்லிவிட்டு, பிறகுதான் செம்மண்ணுக்கும் நீருக்கும் வருகிறான். கலந்த பிறகு நீரைத் தனியே பிரித்தெடுக்க முடியாது அல்லவா? உவமை அங்கே வாக்குறுதியாகிவிடுகிறது. அவன் அந்த வாக்கைக் காப்பாற்றினானா என்பது பாட்டில் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் இந்த வரிகளை அச்சிடுவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் குறிப்பையும் சேர்த்து அச்சிட்டால் இரு வீட்டாரும் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

நேரம் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் காலத்துக்கு வருவோம்.

பிரமிள் எழுதிய மிகச் சிறிய கவிதை ஒன்று உண்டு. திருகோணமலையில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து வாழ்ந்து மறைந்த கவிஞர். சிறகிலிருந்து பிரிந்த ஓர் இறகு, 'காற்றின் தீராத பக்கங்களில்' ஒரு பறவையின் வாழ்வை எழுதிக்கொண்டு போகிறது. கவிதையே அவ்வளவுதான். மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிடலாம். இதற்கு அவர் வைத்த தலைப்பு 'காவியம்'.

'இறகு' என்று வைத்திருந்தால் அழகான ஒரு காட்சியோடு நின்றிருக்கும். 'மரணம்' என்று வைத்திருந்தால் பறவை செத்துவிட்டது என்று தலைப்பே தீர்ப்பு எழுதியிருக்கும். கவிதை அப்படி எங்கும் சொல்லவில்லை, பறவை எங்கோ பறந்துகொண்டும் இருக்கலாம். 'காவியம்' என்றதும் நமக்கு என்னென்ன எதிர்பார்ப்பு வருகிறது? ஆயிரக்கணக்கான பாடல்கள், நாட்டு வளம், நகர வளம், அரசன், போர். கீழே பார்த்தால் காற்றில் மிதக்கும் ஓர் இறகு. இங்கே காவிய நாயகன் ஒரு பறவை, அவனும் மேடையில் இல்லை. எழுதுவது அவன் உடம்பிலிருந்து உதிர்ந்த ஒன்று. எழுதப்படும் இடமோ காற்று. எழுதியதைப் பிறகு யாரும் எடுத்துப் படிக்க முடியாது. தலைப்புக்கும் கவிதைக்கும் நடுவே இருக்கும் அந்தப் பெரிய அளவு வேறுபாட்டில்தான் இவ்வளவும் பிறக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'காவியம்' என்ற சொல் கவிதைக்குள் இல்லை. ஆனால் அது வெளியிலிருந்து வந்து தொற்றிக்கொள்ள உள்ளே பிடி இருக்கிறது. 'பக்கங்கள்' என்ற சொல்லும், இறகு எழுதுகிறது என்ற செய்தியும்தான் அந்தப் பிடி. அந்தக் காலத்தில் இறகால்தானே எழுதினார்கள்? உள்ளே இப்படி ஒரு பிடி இல்லாமல் பெரிய சொல்லைக் கொண்டுவந்து மேலே வைத்தால் அது வெறும் ஆடம்பரமாகிவிடும். இறகும் காற்றும் மட்டும் இருந்து, பக்கங்களும் எழுத்தும் இல்லாத ஒரு கவிதைக்குக் 'காவியம்' என்று பெயரிட்டிருந்தால் அது ஒட்டாமல் தனியே நின்றிருக்கும்.

நான் கவிதைகளைப் படிக்கும்போது இரண்டு விதமாகப் பார்ப்பேன். தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு படிப்பேன். ஒன்றும் குறையவில்லை என்றால் அந்தத் தலைப்பு சும்மா உட்கார்ந்திருக்கிறது. பிறகு, மறைத்தபோது ஒன்றுமே புரியாமல், கையை எடுத்ததும் 'ஓ, இதுதானா' என்று எல்லாம் முடிந்துவிடுகிறதா என்றும் பார்ப்பேன். அதுவும் ஆபத்துதான். விடுகதையைக் கேட்டு, விடையை மேலே எழுதிவைத்த மாதிரியான கவிதைகள் அவை. விடை தெரிந்த பிறகு இரண்டாம் முறை யாரும் படிக்க மாட்டார்கள். என் காபி வரிகளுக்குத் தலைப்பு இல்லாவிட்டாலும் ஏதோ ஒன்று நின்றது, இல்லையா? தலைப்பு வந்தபோது அது திரும்பி வேறு பக்கம் பார்த்தது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். உண்மையில் நான் அதிகம் பேச நினைத்தது பதிற்றுப்பத்தைப் பற்றித்தான், அதற்கு இப்போது இரண்டு நிமிடம்கூட இல்லை. சங்க நூல்களில் அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் துறை, வண்ணம், தூக்கு என்பவற்றோடு 'பெயர்' என்றும் ஒன்று உண்டு. உ.வே. சாமிநாதையர் 1904-இல் பதிப்பித்த நூல் அது. பாட்டுக்குள்ளேயே வரும் ஒரு தொடரை எடுத்துப் பெயராக வைத்திருப்பார்கள். பெயரின் காரணத்தைப் பழைய உரைகாரர் சொல்லிக்கொண்டே போவார். 13-ஆம் பாட்டை மட்டும் சொல்கிறேன். சேரன் இமயவரம்பன் படையெடுத்துப் பகைவர் நாட்டை அழித்ததைப் பாடுவது அது. அழிவதற்கு முன் அந்த நாடு எவ்வளவு செழிப்பாக இருந்தது என்ற வருணனையும் அதில் வருகிறது. வயலில் மீன் பிறழ்கிறது, கரும்புப் பாத்தியில் நெய்தல் பூத்து எருமை மந்தையை அந்தப் பக்கம் போகவிடாமல் இழுத்து நிறுத்துகிறது. வெற்றியைப் பாடும் பாட்டுக்குப் படையைப் பற்றியோ அழிவைப் பற்றியோ ஒரு தொடரைப் பெயராக எடுத்திருக்கலாம். எடுத்தது 'பூத்த நெய்தல்'. தோற்றவர் நாட்டில் இருந்து, இப்போது இல்லாமல் போன பூ. நூலகத்தில் பதிற்றுப்பத்து கிடைத்தால் அந்த ஒரு பாட்டையாவது பெயரோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். அதற்கு மேல் இன்று நேரம் இல்லை. நன்றி, வணக்கம்.