சூதாட்டக் கடனும் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும்

நேயர்களுக்கு வணக்கம். சூதாட்டத்தில் பணத்தை இழந்தவர்களோடும் அவர்கள் குடும்பத்தோடும் ஆலோசகராகப் பல வருஷங்களாகப் பேசி வருகிறேன். பணம் போன பிறகு, "இனி நான் இருந்து என்ன ஆகப்போகிறது" என்று ஒருவர் நினைக்கத் தொடங்குகிற கட்டம் ஒன்று உண்டு. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்கே இப்போது அந்த நினைப்பு இருந்தால், உரை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் இருந்தால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. டெலி மானஸ் என்கிற அரசுச் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். மற்ற நாடுகளின் எண்களைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

குடித்துவிட்டு வந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். சூதாட்டத்துக்கு வாடை கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் என்ன செய்கிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கடன் கழுத்துவரை வந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். அதுவரை அவரை ஓட வைப்பது ஒரே ஒரு எண்ணம்: விட்டதைப் பிடிக்க வேண்டும். பொய் சொல்வது, நகையை அடகு வைப்பது, எரிந்து விழுவது எல்லாம் அதற்காகத்தான். கேட்க வினோதமாக இருக்கலாம், ஆனால் அதுவும் ஒரு வகை நம்பிக்கைதான். கடைசியாகக் கடன் வாங்கிய பணமும் போய்விட்டது, அல்லது வீட்டுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்கிற நாளில் அந்த நம்பிக்கை முறிகிறது. கையில் கடனும் அவமானமும் மட்டும் மிஞ்சுகின்றன. நான் அதிகம் பயப்படுவது அந்த நாளையும், அதை ஒட்டி வருகிற நாட்களையும்தான்.

ஒரு அக்கா, தம்பி கதை சொல்கிறேன். பல குடும்பங்களில் பார்த்ததைச் சேர்த்து, யாரென்று தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். தம்பி மாதக்கணக்கில் அக்காவிடம் பணம் கேட்டுக் கெஞ்சிக்கொண்டே இருந்தவன். ஒருநாள் கடன்காரர்கள் வீட்டுக்குப் போன் செய்ய, எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரே ரகளை. மறுநாளிலிருந்து தம்பி பணமே கேட்கவில்லை. கோபப்படவில்லை. எப்போதோ வாங்கிய ஒரு சின்னத் தொகையைத் திருப்பி அனுப்பினான். ராத்திரி போனில், "அக்கா, இன்சூரன்ஸ் பத்திரம் பீரோ மேல் தட்டில இருக்கு, உனக்குத் தெரிஞ்சிருக்கட்டும்" என்றான். "நான் இல்லாம இருந்தா உங்க எல்லாருக்கும் பாரம் குறையும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அம்மா நிம்மதியாக, "பையன் தெளிஞ்சுட்டான்" என்றார்கள்.

அக்காவுக்கு மட்டும் நெருடியது. இந்த இடத்தைக் கவனியுங்கள். நேற்றுவரை தவித்துக்கொண்டிருந்தவர், கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாத நிலையில், திடீரென்று அமைதியாகிறார். கணக்கு வழக்கை ஒப்படைக்கிறார், போன் பூட்டின் எண்ணைச் சொல்கிறார், காப்பீட்டைப் பற்றிப் பேசுகிறார், தன்னைப் பாரம் என்கிறார். உயிரை விட முடிவெடுத்துவிட்டதால் வந்த அமைதியாக அது இருக்கலாம். நிஜமான தெளிவாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது. கேட்டால்தான் தெரியும்.

கேட்பது என்றால் சுற்றி வளைத்து அல்ல. "ஒண்ணும் தப்பா யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும், கேள்வியே அந்தப் பதிலைத்தான் வேண்டுகிறது. அக்கா நேரில் போய், மற்றவர்கள் இல்லாத நேரத்தில் கேட்டாள்: "கடனை நினைச்சு, செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?" தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "தோணுது" என்றான். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணம் அதிகமாகாது என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. பலருக்கு, யாராவது கேட்டார்களே என்ற ஆசுவாசம்தான் வரும். மறுபடி சொல்கிறேன், இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது: நேரடியாக, அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள்.

"தோணுது" என்று சொன்னவுடன் அக்கா இன்னும் இரண்டு கேட்டாள். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா? எப்போது என்று? வழியும் நேரமும் யோசித்தாகிவிட்டது என்றால் அது அவசரம்; அவரைத் தனியாக விடவே கூடாது. அவளும் விடவில்லை. கூடவே உட்கார்ந்துகொண்டு, வீட்டில் இருந்த மாத்திரைகளையும் ஆபத்தாகக்கூடிய மற்றப் பொருட்களையும் வேறு வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் உயிரை விடும் வேகம் பெரும்பாலும் அலையாக எழுந்து அடங்குகிறது. எழும் நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது. அப்புறம் ஸ்பீக்கரில் போட்டு 14416-ஐக் கூப்பிட்டாள். மறுநாள் மனநல மருத்துவரிடம் கூடவே போனாள்.

அவள் செய்யாத ஒன்றும் உண்டு. "மொத்தம் எவ்வளவு கடன், யார் யாருக்கு, இப்பவே சொல்" என்று அன்று ராத்திரி கேட்கவில்லை. சொல்லாமல் வைத்திருந்த கடன் இன்னும் இருந்தது, எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அந்த ராத்திரியில் அதைப் பிடுங்கியிருந்தால் அவமானம்தான் இன்னும் கூடியிருக்கும்.

இப்போது எண்கள், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 14416. இலங்கையில் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் எண். சிங்கப்பூரில் 1767. மலேசியாவில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு, 03-7627 2929. பிரிட்டனில் 116 123. அமெரிக்காவிலும் கனடாவிலும் 988; இங்கே பேசவும் செய்யலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இந்தியா தவிர மற்ற இடங்களில் தமிழ் கிடைக்குமா என்று கூப்பிட்டதும் கேளுங்கள். குடும்பத்தாரும் கூப்பிடலாம், "என் வீட்டுக்காரர் சூதாட்டத்தில் பணம் விட்டுட்டார், எனக்குப் பயமா இருக்கு" என்று ஆரம்பித்தால் போதும். ஒருவர் ஏற்கெனவே தனக்குத் தீங்கு செய்துகொண்டுவிட்டார் என்றால் இந்த எண்களில் நேரத்தைச் செலவிடாதீர்கள். ஆம்புலன்ஸ் அல்லது உங்கள் நாட்டின் அவசர எண், இந்தியாவில் 112. இல்லையென்றால் நேரே மருத்துவமனை.

கடனை எப்படிச் சமாளிப்பது என்று விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் சில நாட்கள் கழிந்த பிறகு கடன்களை ஒரு தாளில் சேர்ந்து எழுதுங்கள். மிரட்டுகிற அழைப்புகளை இனி வேறொருவர் எடுக்கட்டும். மொத்தக் கடனையும் ஒரே மூச்சில் அடைக்கவும் வேண்டாம், ரொக்கத்தை அவர் கையிலேயே கொடுக்கவும் வேண்டாம்; விட்டதைப் பிடிக்கும் ஆசை அதோடு திரும்ப எழும். சம்மதத்தோடு வங்கிக் கணக்கை வேறொருவர் பார்த்துக்கொள்ளலாம். மறுபடி ஒருமுறை ஆடிவிட்டார் என்று தெரிந்தால், சண்டைக்கு முன்னால் அக்கா கேட்ட அந்தக் கேள்வியைக் கேளுங்கள், ஏனென்றால் திரும்பவும் விழுந்த அன்று ஆபத்து முதல் தடவையைவிடக் குறைவாக இருக்கும் என்று நினைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. வணக்கம்.