‘ஓர் ஆய்வு’ என்று முடியும் தலைப்பு

வணக்கம். அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்த்துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து முதல் ஆண்டில் இருப்பவர்கள் என்று சொன்னார்கள். அதனால் ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு அதையே கடைசி வரை திருத்திப் பார்ப்போம். இது நானே அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, ஆனால் இந்த மாதிரியில் ஆய்வேடுகள் நம் நூலக அலமாரிகளில் நிறைய இருக்கின்றன: ‘புறநானூற்றில் பெண்கள் – ஓர் ஆய்வு’.

கடைசியிலிருந்து தொடங்குவோம். ‘ஓர் ஆய்வு’ போகட்டும். முனைவர் பட்ட ஆய்வேடு ஆய்வாகத்தான் இருக்கும், அதைத் தலைப்பு சொல்லத் தேவையில்லை. ‘ஒரு பார்வை’, ‘பன்முக நோக்கு’ எல்லாம் இதே வகைதான். ஆனால் ‘பெண்ணிய நோக்கு’ என்று போட்டு, உள்ளே பெண்ணியக் கோட்பாட்டை உண்மையாகவே பயன்படுத்தியிருந்தால் அது இருக்கலாம், ஏனென்றால் அது ஒரு செய்தி சொல்கிறது.

இப்போது ‘புறநானூற்றில் பெண்கள்’ மிச்சம். சுருக்கமாக, நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் சிக்கலே இங்கேதான். புறநானூறு 400 பாட்டு. அதில் பெண்கள் என்றால் அதியமானைப் பாடிய ஔவையாரும் வருவார், தந்தையை இழந்து நிலவைப் பார்த்துப் பாடிய பாரி மகளிரும் வருவார்கள், ஒரே மகனையும் போருக்கு அனுப்பும் 279ஆம் பாட்டின் தாயும் வருவாள், பாணரோடு ஊர் ஊராகப் போகும் விறலியும் வருவாள். நம் மாணவர் எழுதியதோ அவர்களைப் பற்றி அல்ல. கணவனை இழந்த பெண்ணின் வாழ்க்கையை மட்டும்தான் அவர் ஆராய்ந்திருக்கிறார்: பெருங்கோப்பெண்டு தீப்பாயும் முன் பாடிய 246ஆம் பாட்டு, அல்லி அரிசியை உணவாகக் கொள்ளும் பெண்ணை ஒக்கூர் மாசாத்தனார் காட்டும் 248ஆம் பாட்டு, இவற்றை ஒட்டிய இன்னும் சில. அப்படியானால் இந்தத் தலைப்பு தராத ஒன்றைத் தருவதாகச் சொல்கிறது. வாய்மொழித் தேர்வில் ‘விறலியர் எங்கே?’ என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி, தலைப்புதான் அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது.

சரி, என்ன வைக்கலாம்? உங்கள் இயல்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தப் பாடல்களில், எந்தக் கருத்தில் நிற்கிறது என்று இரண்டு மூன்று சொல்லில் குறியுங்கள். பாதிக்கு மேற்பட்ட இயல்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள்தான் தலைப்புக்குரியவை. நம் எடுத்துக்காட்டில் அப்படித் தேறுபவை நான்கு: புறநானூறு, தாபதநிலை, ஆனந்தப்பையுள் என்ற இரண்டு துறைப் பெயர்கள், கைம்மை. தொல்காப்பியத்தோடு ஒப்பிட்டு ஒரே ஒரு இயல் இருக்கிறது என்பதற்காகத் தொல்காப்பியத்தைத் தலைப்பில் ஏற்றக் கூடாது, அது ஆய்வுச் சுருக்கத்தில் வந்தால் போதும். இதில் பலருக்கு மனம் வராது, பெரிய நூலின் பெயர் இருந்தால் கனமாக இருக்கும் என்று நினைப்பார்கள். தொல்காப்பியத்துக்காக உங்கள் ஆய்வேட்டைத் திறக்கிறவர் ஒரே ஒரு இயலைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்.

இந்த நான்கையும் வைத்து எழுதினால் முதல் தலைப்பு ‘புறநானூற்றுத் தாபதநிலை, ஆனந்தப்பையுள் பாடல்களில் கைம்மை’ என்று வரும். துல்லியமாக இருக்கிறது, இலக்கணமும் சரி. ஆனால் தேடினால் கிடைக்குமா என்பதைப் பார்க்க வேண்டும். தமிழில் எழுதுகிறவர்கள் ஆங்கில வழிகாட்டிகளைப் படித்துவிட்டு இந்த இடத்தைக் கோட்டை விடுகிறார்கள், அவற்றில் இது இருக்காது.

தேடுகிறவர் பெட்டியில் ‘புறநானூறு’ என்றுதான் அடிப்பார். உங்கள் தலைப்பில் இருப்பதோ ‘புறநானூற்று’. சொல் புணரும்போது திரிவதை அறியத் தெரியாத தேடல் நிரலுக்கு இவை இரண்டும் இரண்டு வேறு சொற்கள். நூலகப் பட்டியல்களிலும் ஆய்வேட்டுக் களஞ்சியங்களிலும் உள்ள தேடல் பல இடங்களில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதுதான். சொல்லின் பின்னால் நட்சத்திரக் குறி போட்டுத் தேடத் தெரிந்தவருக்கும்கூட இங்கே பாதை அடைபடும். பாருங்கள்:

```
புறநானூறு
புறநானூறு*
புறநானூற*
```

முதல் வரி அந்த ஒரு வடிவத்தை மட்டும் எடுக்கும். இரண்டாவது வரி ‘புறநானூறும்’ போன்றவற்றைச் சேர்க்கும், ‘புறநானூற்றில்’ என்பதைச் சேர்க்காது, ஏனென்றால் ‘று’ அங்கே ‘ற்று’ ஆகிவிட்டது. மூன்றாவது வரிதான் எல்லாவற்றையும் எடுக்கும், ஆனால் அப்படி அடிக்கத் தோன்றுகிறவர்கள் மிகக் குறைவு. ‘சிலப்பதிகாரம்’ ‘சிலப்பதிகாரத்தில்’ ஆகும்போதும் இதே கதைதான், மகர மெய் போய்விடுகிறது. குறுந்தொகை, நற்றிணை என்று ஐகாரத்தில் முடியும் பெயர்களுக்குக் கொஞ்சம் தப்பிக்க வழி உண்டு, ‘குறுந்தொகையில்’ என்பதற்குள் ‘குறுந்தொகை’ அப்படியே இருப்பதால் நட்சத்திரக் குறி வேலை செய்யும். எட்டுத்தொகையில் அகநானூறும் புறநானூறும் ஐங்குறுநூறும் எடுத்திருப்பவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

அதனால் நூற்பெயரை எழுவாய் வடிவத்திலேயே முதலில் வைத்து, ஒரு முக்காற்புள்ளி போடுங்கள்: ‘புறநானூறு: தாபதநிலை, ஆனந்தப்பையுள் பாடல்களில் கைம்மை நோன்பு’. ‘கைம்மை’ மட்டும் இருந்தால் எதை ஆராய்ந்தார் என்பது தெரியவில்லை, உணவும் படுக்கையும் கூந்தல் களைதலும் ஆகிய நோன்பு வாழ்க்கைதான் பொருள் என்பதால் ‘நோன்பு’ சேர்ந்தது. துறைப் பெயர்கள் இரண்டும் ‘பாடல்களில்’ என்பதோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கின்றன, அதுவும் வேண்டுமென்றே செய்ததுதான். ‘தாபதநிலைப்பாடல்களில்’ என்று சேர்த்து எழுதினால் மறுபடியும் பழைய தொல்லை. எல்லாச் சொல்லையும் இப்படி நிறுத்த முடியாது, நிறுத்தினால் தலைப்பு தந்தி மாதிரி ஆகிவிடும், எனவே உயிரான இரண்டு மூன்று சொல்லுக்கு மட்டும் செய்யுங்கள். ‘கைம்பெண்’, ‘விதவை’ என்று தேடுகிறவர்களும் உண்டு, அந்தச் சொற்களைத் திறவுச்சொற்களிலும் ஆய்வுச் சுருக்கத்திலும் வையுங்கள், தலைப்பில் திணிக்க வேண்டாம்.

அப்புறம் பதிவேற்றம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ஒழுங்குமுறைக்குப் பிறகு ஆய்வேட்டின் மின்படி ஷோத்கங்கா என்ற தேசிய ஆய்வேட்டுக் களஞ்சியத்துக்குப் போகிறது. அங்கே தலைப்பைப் படிவத்தில் அடிப்பவர் பெரும்பாலும் நீங்கள் அல்ல, உங்கள் கோப்பிலிருந்து ஒருவர் நகலெடுத்து ஒட்டுகிறார். நீங்கள் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் ஒட்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும், அந்த ஆய்வேடு தமிழில் தேடுகிற யாருக்கும் கிடைக்காது. சோதிப்பது எளிது: தலைப்பை நகலெடுத்து உலாவியின் முகவரிப் பட்டையில் ஒட்டிப் பாருங்கள், தமிழாகவே நின்றால் யூனிகோட்.

ஆங்கில எழுத்தில் தலைப்பு கேட்டால் இன்னொரு கவனம். Purananuru என்றும் Purananooru என்றும் எழுதுகிறார்கள், மேலைநாட்டு நூலகப் பட்டியல்களில் Puṟanāṉūṟu என்று குறியீட்டோடு இருக்கும். ஒன்றைத் தலைப்பில் வைத்து, மற்றவற்றைத் திறவுச்சொற்களில் கொடுங்கள். களஞ்சியம் டிஸ்பேஸ் மென்பொருளில் இயங்கினால் dc.title.alternative என்ற புலத்தில் மாற்றுத் தலைப்பையும் சேர்க்கலாம், பதிவேற்றுகிற நூலகரிடம் இதைக் கேட்டுச் செய்ய வையுங்கள்.

பதிவு செய்த தலைப்பை மாற்றும் விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும், பொதுவாக நெறியாளர் வழியாக ஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும், ஆய்வுச் சுருக்கம் சமர்ப்பித்த பிறகு அது கடினம். ஆகவே பதிவின்போது வைத்த தலைப்பைக் கடைசி வரை கட்டிக்கொண்டு இருக்காதீர்கள், இயல்கள் ஒரு வடிவத்துக்கு வந்ததும் நான் சொன்ன அந்த இயல் வரிசையை எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் போய் உட்காருங்கள்.